கொட்டேஷன் போன பிறகு: எந்த வரிசையில் தொடர்புகொள்வது?

திருப்பூரில் உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு, ஐந்தடுக்கு அட்டைப்பெட்டிகளுக்கான கொட்டேஷனைத் திங்கட்கிழமை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிராஃப்ட் காகித விலை ஏறி இறங்குவதால், 15 நாளுக்குத்தான் அந்த விலை செல்லும். பதில் வரவில்லை. அடுத்து என்ன?

பலர் செய்வது, அன்றைக்கே மூன்று வழியிலும் கேட்பது. மின்னஞ்சல் போன ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் அதே பிடிஎஃப், மாலைக்குள் "பார்த்தீர்களா சார்?" என்று ஓர் அழைப்பு. கொள்முதல் மேலாளர் இன்னும் மற்ற இரண்டு பேரின் விலையை வாங்கியிருக்க மாட்டார். சொல்வதற்கு அவரிடம் எதுவும் இருக்காது. அடுத்த அழைப்பை எடுக்காமல் விடுவார். நீல டிக் விழுந்தும் பதில் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டாவது, முதலில் போன். ஏற்கெனவே சரக்கு வாங்குபவருக்கும், கப்பலேற்றும் தேதி நெருங்கிவிட்டவருக்கும் இதுவே சரி. அறிமுகமில்லாதவரிடம் எடுபடாது. பேக்கிங் ஹாலில் நிற்பவரிடம் பெட்டி அளவையும் ஜிஎஸ்எம்மையும் வாயால் சொன்னால் நினைவில் நிற்காது.

புதிய வாடிக்கையாளர் என்றால் நான் மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன்: மின்னஞ்சல், இடைவெளி விட்டுப் போன், அனுமதி பெற்று வாட்ஸ்அப். வியாழக்கிழமை முற்பகலில் ஒரே ஓர் அழைப்பு. "திங்கட்கிழமை அனுப்பிய கொட்டேஷன் பற்றி இரண்டு நிமிடம் பேசலாமா, அல்லது வேறு நேரம் சொல்கிறீர்களா?" என்று தொடங்கி, பெட்டியின் எடைத்தாங்கும் அளவு போதுமா என்பதுபோல அவர் பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். முடிக்கும்போது, "மாதிரிப் பெட்டியின் படத்தை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். சரி என்றால் படமும் ஒரு வரியும் போதும். கொட்டேஷனை மறுபடி அனுப்ப வேண்டாம். அழைப்பை எடுக்காவிட்டால் அன்று மீண்டும் அழைக்காமல், பழைய மின்னஞ்சலுக்கே மறுமொழியாக, அழைத்த விவரத்தைச் சொல்லி இரண்டு வரி எழுதலாம். விலைப்பட்டியல் அதன் அடியிலேயே இருக்கும். அவர் தேட வேண்டியதில்லை.

கடைசி மின்னஞ்சல் 12ஆம் நாள்: "இந்த விலை இன்னும் மூன்று நாளில் முடிகிறது. இப்போது தேவையில்லை என்றால் ஒரு சொல் எழுதுங்கள், தொடர்பை நிறுத்திக்கொள்கிறேன்." பதில் வராவிட்டாலும் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இந்த வழிக்குப் பொறுமையைவிடப் பதிவேடு முக்கியம். விற்பனையில் இருவர் இருந்தால், ஒருவரிடம் போனில் "வேண்டாம்" என்று சொன்னவருக்கு மற்றவர் மறுநாள் வாட்ஸ்அப் அனுப்பிவிடுவார். எந்த வழியில் மறுப்பு வந்தாலும் மூன்று வழியும் மூடப்பட்டதாகவே கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே தேதி, வழி, அவர் சொன்ன பதில் ஆகிய மூன்றையும் அன்றன்றே எழுதிவைத்தால் இது நேராது.