பதக்கமா, படைப்பதிவேடா, படைப்பிரிவு வரலாறா: முதல் உலகப் போர் சிப்பாயைத் தேடும் மூன்று வழிகள்

வட சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் சில வீடுகளில் “எங்கள் கொள்ளுத் தாத்தா மெசபடோமியாச் சண்டைக்குப் போனவர்” என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த வரியிலிருந்து மேலே செல்ல மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை என்பதால், எதை முதலில் எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

செய்தி அதிகம் உள்ளது படைப்பதிவேட்டில்தான். ஆளைச் சேர்க்கும்போது அவருடைய பெயர், தந்தை பெயர், சாதி, கிராமம், தாலுகா, உயரம், அங்க அடையாளம் ஆகியவற்றை எழுதிக்கொண்டார்கள். ஆனால் இந்தியச் சிப்பாய்களின் ஏடுகள் அந்தந்தப் படைப்பிரிவிலேயே இருந்தன. லண்டனில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பெரும்பாலும் அதிகாரிகளே கிடைப்பார்கள். லாகூரில் கிடைத்த பதிவேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசையோடு தேடுபவர்கள் உண்டு. அவை பஞ்சாபுக்கு மட்டுமே உரியவை. பெங்களூரில் உள்ள மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் ஆவண அலுவலகத்துக்கோ, வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட்டுக்கோ “முனுசாமி, மெட்ராஸ்” என்று மட்டும் எழுதிக் கேட்டால் பயனில்லை, ஏனெனில் முனுசாமிகள் எத்தனையோ பேர். சிப்பாய் எண் வேண்டும்.

அந்த எண் இருக்கும் இடம் பதக்கம். 1914 முதல் 1920 வரையிலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலையும் பின்பக்கம் குதிரைமேல் ஓர் ஆளும் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது இரண்டையும் அல்ல, விளிம்பை. எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் அங்கே சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் தெரியும். குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். பளபளப்பு வருவதற்குள் விளிம்பின் எழுத்து போய்விடக்கூடும்.

உலோகமும் ஒரு சான்று. போரிட்ட சிப்பாய்க்கு வெள்ளி. தொழிலாளர் படையிலும் சுமைதூக்கும் படையிலும் சென்றவர்களுக்குப் பொதுவாக வெண்கலம். கறுத்த வெள்ளியையும் பழுப்பேறிய வெண்கலத்தையும் குழப்பிக்கொள்வது எளிது. வெண்கலம் என்று தெரிந்துவிட்டால் காலாட்படை வரலாறுகளைப் புரட்டுவதில் பொருளில்லை. தேட வேண்டியது வேறு படை.

மூன்றாம் வழியான படைப்பிரிவு வரலாற்றில் கொள்ளுத் தாத்தாவின் பெயரைத் தேடுபவர் பெரும்பாலும் ஏமாறுவார். அதில் பெயரோடு வருபவர்கள் வெள்ளை அதிகாரிகளும், வீர விருது பெற்ற சிலருமே. ஆனாலும் வேறொரு வேலைக்கு அதை விட்டால் வழியில்லை.

விளிம்பில் ஓர் எண்ணும், சிப்பாய் என்ற பதவியும், ஒரு பெயரும், பிறகு ‘64’ என்பதும், பாதை போடுவது போன்ற வேலைகளையும் செய்த காலாட்படையான பயோனியர்ஸ் என்பதன் சுருக்கமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே 64 என்பது படைப்பிரிவின் எண்; முதலில் இருப்பதுதான் ஆளின் எண். இரண்டையும் மாற்றி எழுதி அனுப்பினால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். இனி 64ஆம் பயோனியர்ஸ் எங்கே போயிற்று என்ற கேள்வி. 1922 சீரமைப்பில் அது முதலாம் மதராஸ் பயோனியர்ஸின் இரண்டாம் பட்டாலியன் ஆயிற்று. 1933இல் பயோனியர்ஸ் படையே கலைக்கப்பட்டது. ஆட்களில் ஒரு பகுதியினர் சாப்பர்ஸில் சேர்ந்தனர். ஆகவே பெயரில் ‘மதராஸ்’ இருக்கிறது என்று வெலிங்டனுக்கு எழுதுவதைவிடப் பெங்களூருக்கு எழுதுவதே பொருத்தம். இந்த வம்சாவளியைச் சொல்வது வரலாற்று நூல் மட்டுமே. எண் படைப்பிரிவுக்கு உரியது என்பதால், ஒருவர் படை மாறியிருந்தால் எண்ணும் மாறியிருக்கலாம் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுவது நல்லது. கலைந்த படையின் ஏடு அழிந்தும் போயிருக்கலாம். விடை வராததை அவர் படையிலேயே இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

முதலில் பதக்கம், பிறகு படைப்பிரிவு வரலாறு, கடைசியில் பதிவேடு என்ற என் வரிசை, பதக்கமே இல்லாத வீட்டுக்கு மாறும். அவர் போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இலவசத் தேடல்தான் முதல் படி. இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அங்கே எண்ணோடு தந்தை பெயரும் ஊரும் உண்டு. திருவொற்றியூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டைத் தாலுகாவில் இருந்தது. ‘மெட்ராஸ்’ என்று மட்டும் தேடினால் அவ்வூர்க்காரர் அகப்படாமல் போகலாம். உயிரோடு திரும்பியவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். அவருக்கு, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பணி விடுவிப்புச் சான்றோ ஓய்வூதியத் தாளோதான் எண்ணைத் தர வேண்டும்.