ஊதா விளிம்பை நகர்த்துவதா, வெளுப்பதா?

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போன பெண்கள் வள்ளத்தில் திரும்பி வருவதை நண்பகலில் வீடியோ எடுத்தோம். கையில் இருந்தது மலிவு விலை 50 மி.மீ. f/1.8 லென்ஸ். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், வள்ளத்தில் நட்டிருந்த மூங்கில் கம்பு ஒவ்வொன்றுக்கும் வானத்தை ஒட்டி ஊதாவும் பச்சையுமாகக் கரை கட்டியிருக்கிறது. வெட்டித் தள்ளவும் மனசில்லை, ஏனென்றால் அந்தப் பத்து வினாடிக்காகத்தான் வெயிலில் நின்றோம். அதில் மூன்று வழிகளை முயன்று பார்த்தேன், எல்லாமே DaVinci Resolve இலவசப் பதிப்பில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரை ஒரே நோய் இல்லை, இரண்டு. மலிவு லென்ஸில் சிவப்பையும் நீலத்தையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள், பச்சை மட்டும் தனியாக நின்றுவிடுகிறது. அதனால்தான் கரை பெரும்பாலும் ஊதா, பச்சை என்று இந்த இரண்டு நிறத்தில் வருகிறது. பச்சைப் படத்தின் அளவும் சிவப்பு-நீலப் படத்தின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் ஃபிரேமின் ஓரத்தில்தான் கரை தெரியும், நடுவில் இருக்காது. இது பக்கவாட்டுக் கோளாறு. நிறங்கள் வெவ்வேறு தூரத்தில் ஃபோகஸ் ஆனால் நடுவிலும் கரை இருக்கும், ஃபோகஸுக்கு முன்னால் உள்ளதில் ஊதாவும் பின்னால் உள்ளதில் பச்சையும் படியும். இது ஆழக் கோளாறு. எங்கள் காட்சியில் இரண்டும் இருந்தது. ஆளுக்கொரு மருந்து தேவைப்படும் இடத்தில் ஒரே மருந்தைக் கொடுத்துத்தான் முதல் நாள் முழுக்கப் போனது.

முதல் வழி, நிறச் சேனலை நகர்த்துவது. வலப்பக்க ஓரத்தில் நின்ற ஒரு கம்பை நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கருப்பான கம்பு, பின்னால் வெளுத்த வானம். கம்பின் உள்பக்கம், அதாவது ஃபிரேம் மையத்தைப் பார்த்த பக்கம், ஊதாவாகவும் வெளிப்பக்கம் பச்சையாகவும் இருந்தால் சிவப்பு, நீலப் படங்கள் பச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டன என்று அர்த்தம். இடப்பக்க ஓரத்துக் கம்பிலும் ஊதா மையத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் இது பக்கவாட்டுக் கோளாறு என்று உறுதி. எங்கள் கம்பில் கரை இரண்டு பிக்சல் அகலம். 3840 பிக்சல் அகலப் படத்தில் மையத்திலிருந்து ஓரம் 1920 பிக்சல். இரண்டை 1920-ஆல் வகுத்தால் ஆயிரத்தில் ஒன்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

நோட் பகுதியில் Splitter Combiner போட்டால் மூன்று சேனலும் தனித்தனி நோடாகப் பிரியும். எல்லோரும் சிவப்பையும் நீலத்தையும் 0.999 என்று சுருக்கச் சொல்வார்கள். அதில் இரண்டு நோடைத் தொட வேண்டும், படத்தின் நான்கு ஓரத்திலும் மெல்லிய நிறக்கோடும் விழும். நான் பச்சை நோடை மட்டும் எடுத்து, Node Sizing-இல் Zoom-ஐ 1.001 ஆக்கினேன். ஓரத்துக் கம்பில் கரை போய்விட்டது, விளிம்பும் கூர்மையாக நின்றது. மற்ற எந்த வழியிலும் இந்தக் கூர்மை கிடைக்காது, ஏனென்றால் இங்கே நிறத்தை அழிக்கவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்.

ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. லென்ஸின் மையமும் ஃபிரேமின் மையமும் ஒன்று என்று நம்பித்தான் இந்தக் கணக்கு ஓடுகிறது. வள்ளம் ஆடுகிறதே என்று கேமராவில் ஸ்டெபிலைசேஷனைப் போட்டிருந்தால், ஒவ்வொரு அலைக்கும் அந்த மையம் இடம் மாறும், ஒரு ஃபிரேமில் சரியான கம்பு அடுத்ததில் திரும்பவும் ஊதா காட்டும். ஸ்டெபிலைசேஷன் இல்லாமல் எடுத்து, நிறத்தைச் சரிசெய்து ரெண்டர் போட்டு, அந்தக் கோப்பில் ஆட்டத்தை நிறுத்துவதே ஒழுங்கு. இன்னொன்று, 4:2:0 பதிவில் நிற விவரம் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் இருக்கும். அதனால் கரையின் மெல்லிய எச்சம் ஒன்று இருந்தே தீரும், அதை விரட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் நடு ஃபிரேமில் கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பு. ஃபோகஸ் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மேல். இந்தக் கம்பின் இரண்டு பக்கமும் ஊதா. பச்சைச் சேனலை எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை, அசையவும் அசையாது. இது ஆழக் கோளாறு.

இங்கே இரண்டாவது வழி, Hue vs Sat வளைவு. ஊதாவில் ஒரு புள்ளி வைத்துக் கீழே இழுத்தால் மூன்று நொடியில் கரை காணாமல் போகும். நானும் மயங்கிவிட்டேன். வீடியோவைப் பாம்பனில் ஒரு அக்காவிடம் காட்டினேன். பார்த்ததும், "தம்பி, நான் கட்டியிருந்தது கத்திரிப்பூ சேலை, இதென்ன சாம்பல் பூசுன மாதிரி இருக்கு?" என்றார். வளைவுக்குக் கரை எது, சேலை எது என்று தெரியாது. தவிர, ஊதாவை முழுக்க வெளுத்தால் வானத்தின் ஓரத்தில் சாம்பல் கோடு ஒன்று மிச்சம் நிற்கும், ஏனென்றால் கரையின் இருட்டு அப்படியே இருக்கிறது, நிறம் மட்டும்தான் போயிருக்கிறது.

மூன்றாவது, Qualifier-இல் ஊதாவைப் பிடித்து, கம்பைச் சுற்றி ஒரு Window போட்டு அதை ட்ராக் செய்வது. வேலை அதிகம், வள்ளம் ஆடும்போது ட்ராக் நழுவும், ஒவ்வொரு கம்புக்கும் தனியாகச் செய்ய வேண்டும். ஆனால் சேலை தப்பித்தது. இதில் நிறத்தை முழுக்க எடுக்காமல் பாதி குறைத்து, மீதியை Hue vs Hue-வில் வானத்தின் நீலப் பக்கம் தள்ளினால் அந்தச் சாம்பல் கோடு வானத்தோடு கரைந்துவிடுகிறது. இந்தச் சின்னத் தள்ளல்தான் மூன்றாவது வழியில் எனக்குப் பிடித்தது.

பச்சைக் கரை ஊதாவைவிடத் தொல்லை என்பார்கள், பின்னணியில் பனையும் உடைமரமும் இருக்கும் என்று. எங்களுக்கு அப்படி இல்லை. இலைப் பச்சை மஞ்சள் பக்கம் சாயும், கரையின் பச்சை நீலப் பக்கம் சாய்ந்திருந்தது, வளைவில் குறுகலாகப் பிடித்தாலே போதுமாக இருந்தது.

ஆக என் கட்சி: ஓரத்தில் கரை என்றால் முதல் வழி மட்டும், வேறெதையும் தொடாதீர்கள். நடுவிலும் இருந்தால் முதலில் சேனலை நகர்த்திவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் மூன்றாவது. ஊதாவாக எதுவும் ஃபிரேமில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இரண்டாவது. வெறும் கடலும் வானமுமாக இருக்கிற தனுஷ்கோடிக் காட்சிக்கு அது போதும்.

நண்பகலில் f/1.8 திறந்து எடுத்ததே எங்கள் முட்டாள்தனம். ISO 100, 1/50 ஷட்டர் வைத்தால் அந்த வெயிலுக்கு f/1.8-இல் ND128 அளவுக்குக் கருப்புக் கண்ணாடி வேண்டும், f/4 என்றால் ND32 போதும். f/4-இல் ஆழக் கோளாறு பெருமளவு அடங்கிவிடும். பக்கவாட்டுக் கோளாறு அப்படியே இருக்கும், ஆனால் அதற்குத்தான் 1.001 இருக்கிறதே.