உருளைப் பரப்பில் பாஸ் வைக்கத் தொடுதளமா, ஆஃப்செட் தளமா?

கோவை கணபதியில் ஒரு மோனோபிளாக் பம்பு உடலை CAD-இல் வரைந்துகொண்டிருந்தேன். வெளி ஆரம் 70 மி.மீ. கிடைமட்டத்திலிருந்து 35 டிகிரி கீழே சாய்ந்து வடிகால் பிளக்குக்கு ஒரு பாஸ், அதாவது உடலிலிருந்து புடைத்து நிற்கும் ஒரு மேடு, வேண்டும்.

முதலில் உருளைப் பரப்பையே தொடும் ஒரு பிளேன் போட்டேன். அதிலிருந்து பாஸை 10 மி.மீ. உயர்த்தினால் அதன் முகம் அச்சிலிருந்து 80 மி.மீ. தள்ளி நிற்கும். வேலை சீக்கிரம் முடிந்தது. பிறகு சுவர்த் தடிமனைக் கூட்டியபோது ஆரம் 74 ஆனது. பிளேன் பரப்போடு நகர்ந்தது, முகமும் 84-க்குப் போய்விட்டது. ஃபிக்சரில் அளவு ஷாஃப்ட் அச்சிலிருந்துதான் எடுக்கிறார்கள். மெஷின் ஷாப்பிலிருந்து, "ஏனுங்க, முகம் நாலு மில்லி வெளிய நிக்குதுங்களே" என்று போன் வந்தது.

இரண்டாவது வழியில் ஷாஃப்ட் அச்சை ஆக்சிஸாக எடுத்து, அதன் வழியே போகும் செங்குத்துத் தளத்தை 35 டிகிரி திருப்பி, அதிலிருந்து 80 மி.மீ. ஆஃப்செட் போட வேண்டும். ஸ்கெட்ச் காற்றில் மிதக்கும். அதை உடலை நோக்கி `Up To Next` வரை எக்ஸ்ட்ரூட் செய்தால், ஆரம் 74 ஆனாலும் முகம் 80-லேயே இருக்கும், பாஸின் உயரம் மட்டும் 6 ஆகக் குறையும். ஆஃப்செட் எதிர்ப்பக்கம் போயிருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஆரம் 80-ஐத் தொட்டால் பாஸே இருக்காது.

மெஷினிங் வரும் முகத்துக்கு நான் ஆஃப்செட் தளம்தான் போடுவேன். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எழுத்துக்குத் தொடுதளம் சரி, அது பரப்போடுதான் நகர வேண்டும்.