அம்மாயி படமும் 24 மெகாபிக்சலும்: ஆறு வருடம் ஒரே கேமரா

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "மாப்ள, உன்கிட்ட இருக்கிற அதே மாடல் விலை இறங்கியிருக்கு. கிட் லென்ஸோட வாங்கிரலாமா?" அவன் பாப்பாவின் பரதநாட்டிய அரங்கேற்றம் வருகிறது. படம் எடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டவேண்டும் என்று ஆசை. போனில் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2019ல் வாங்கிய கேமரா. 24 மெகாபிக்சல், கூட வந்த கிட் லென்ஸ் 18-55 மில்லிமீட்டர் ஜூம். ஏற்காட்டுப் பனியிலும் சேலத்து வெயிலிலும் ஆறு வருடம் உழைத்திருக்கிறது, ஒருமுறைகூட கைவிட்டதில்லை. பகோடா பாயின்டில் விடியற்காலையில் எடுத்த பனிமூட்டம் ஒன்றை எதையும் வெட்டாமல் 20x30 இன்ச் போட்டேன். ஒன்றரை அடி தள்ளி நின்று பார்த்தால் சில்வர் ஓக் மரங்கள் கிளை கிளையாகத் தெரியும். அந்த பிரிண்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் போட்ட காசு வீண்போகவில்லை என்று தோன்றும்.

எரிச்சல் வேறு இடத்தில். என் அம்மாயி தவறி இரண்டு வருடமாகிறது. அவரை நல்லபடியாக எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, சேர்வராயன் கோயில் திருவிழாவில் எடுத்தது. கூட்டத்துக்கு நடுவில் அவர் நிற்கிறார், நான் இருபதடி தள்ளி நின்று லென்ஸை முழுக்க ஜூம் செய்து 55ல் எடுத்திருக்கிறேன். முழுப்படம் 6000x4000 பிக்சல். சுற்றியிருந்த தலைகளையெல்லாம் நீக்கி, தலை முதல் இடுப்பு வரை அம்மாயி மட்டும் இருக்கும்படி நின்றவாக்கில் க்ராப் செய்தேன். மிஞ்சியது 1200x1800. போன் திரையில் அருமையாக இருந்தது, அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

கணக்கு இதுதான். ஆறாயிரம் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வைத்துக்கொண்டேன், உயரத்தில் பாதிக்கும் குறைவு. இரண்டும் ஒன்றோடொன்று பெருகிக் குறைவதால், 2 கோடியே 40 லட்சம் பிக்சலில் கையில் நின்றது 21 லட்சத்து 60 ஆயிரம். பதினோரு பங்கில் ஒரு பங்கு. நான் காசு கொடுத்தது 24 மெகாபிக்சலுக்கு, அம்மாயிக்குக் கிடைத்தது இரண்டு மெகாபிக்சல்.

ஹாலில் மாட்ட 16x24 இன்ச் வேண்டும் என்று லேபில் கொடுத்தேன். 1200ஐ 16ஆல் வகுத்தால் இன்ச்சுக்கு 75 பிக்சல். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும். நான் சந்தேகப்பட்டுக் கேட்டபோது அங்கிருந்த பையன், "300 டிபிஐ இருக்குதுங்கண்ணா" என்று திரையைக் காட்டினான். 300 என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அது Photoshop-இல் Resample டிக் இருக்கும்போது 16x24, 300 என்று அவன் அடித்ததால் வந்த எண். ஃபைல் 4800x7200 ஆகியிருந்தது. அதாவது பதினாறு பிக்சலில் ஒன்றுதான் கேமரா பார்த்தது, மீதி பதினைந்தும் பக்கத்துப் பிக்சல்களை வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்பியது. ஃபைலில் எழுதியிருக்கும் டிபிஐயை நம்பவே கூடாது. க்ராப் செய்தபிறகு எத்தனை பிக்சல் மிச்சம் என்று பார்த்து, நாமே இன்ச்சால் வகுக்கவேண்டும்.

பிரிண்ட் வந்தது. அம்மாயியின் தண்டட்டி ஓரம் பஞ்சு மாதிரி இருந்தது. மூக்குத்திக் கல் வெறும் வெள்ளைப் பொட்டு. நெற்றிச் சுருக்கமெல்லாம் வழுவழுவென்று போய், மெழுகு பூசிய முகம். அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. லேபின் பேப்பரிலோ மெஷினிலோ குறையில்லை, நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் 300 இருக்குது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு நான் பெரிய பிரிண்ட் ஒன்றுக்குக் காசு கொடுத்தேன்.

பிறகுதான் தூரக் கணக்கைப் பிடித்தேன். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு ஆர்க்மினிட், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அதிலிருந்து வருகிற எண் 3438. பார்க்கும் தூரத்தை இன்ச்சில் எடுத்து அதனால் இந்த எண்ணை வகுத்தால், அந்தத் தூரத்தில் இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் இருந்தால் கூர்மையாகத் தெரியும் என்று வந்துவிடும். ஓரடியில் 286, இரண்டடியில் 143, நாலடியில் 72. ஆகவே அந்த 16x24ஐ நாலடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் குறை தெரியாது. ஆனால் அம்மாவைப் பெற்றவரின் முகத்தை அம்மா நாலடி தள்ளி நின்றா பார்ப்பார்? மலைக் காட்சியை மனிதர்கள் எட்ட நின்று பார்க்கிறார்கள். முகத்தைப் பார்க்கக் கிட்டத்தான் வருகிறார்கள். முகத்துக்கு இரண்டடிக் கணக்குக்குக் கீழே நான் இப்போது போவதில்லை. அந்த 143ஐ 150 என்று வைத்துக்கொண்டு, 1200ஐ 150ஆல் வகுத்தால் 8 இன்ச். அம்மாயி படத்துக்கு 8x12 தான் எல்லை.

இரண்டாவது தடவை சோதித்துவிட்டுத்தான் கொடுத்தேன். போட நினைக்கும் பெரிய பிரிண்ட்டில் முகம் வரும் இடத்தில் ஒரு 4x6 இன்ச் துண்டை மட்டும் கற்பனை செய்துகொள்ள வேண்டும். 16x24க்கு அந்தத் துண்டு 300x450 பிக்சல், 8x12க்கு 600x900. அதை மட்டும் வெட்டி சாதாரண 4x6 பிரிண்ட் போட்டால், பெரிய பிரிண்ட்டில் முகம் எப்படி வரும் என்று அப்படியே தெரிந்துவிடும். செலவு பத்து இருபது ரூபாய்தான். முதல் துண்டில் அதே பஞ்சுத் தண்டட்டி. இரண்டாவதில் தண்டட்டியின் மூலைகள் தெரிந்தன, நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. 8x12ஐ மேட் பேப்பரில் போட்டு, சுற்றிலும் இரண்டு இன்ச் வெள்ளை மவுண்ட் விட்டு 12x16 ஃப்ரேமில் மாட்டினோம். அம்மா பூ வைக்கிறார்.

கணக்குச் சரியாக இருந்தும் துண்டு மங்கலாக வந்தால், எடுக்கும்போது கை ஆடியிருக்கும், ஃபோகஸ் தப்பியிருக்கும், இல்லை வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ ஏறிப் படம் புள்ளி புள்ளியாகியிருக்கும். க்ராப் செய்தால் அந்தக் குறைகளும் சேர்ந்தே பெரிதாகும்.

இப்போது உன் பாப்பா அரங்கேற்றம், மாப்ள. நீ மேடையிலிருந்து நாற்பதடியில் உட்கார்ந்திருப்பாய், 12 மீட்டர் என்று வை. இந்த லென்ஸை 55ல் வைத்து எடுத்தால் நாலேகால் அடி உயரப் பெண் சுமார் 1500 பிக்சல் உயரத்துக்குத்தான் வருவாள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு க்ராப் செய்தால் 1200x1800. அம்மாயிக்குக் கிடைத்த அதே அளவு! அதே நாற்பதடியில் இன்னும் நீளமான ஜூம் லென்ஸை 200ல் வைத்து, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், வெட்டவே தேவையில்லாமல் முழுப்படமும் அவளே நிறைந்திருப்பாள். 16x24 போட்டாலும் இன்ச்சுக்கு 250 பிக்சல் நிற்கும். மேடை வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ ஏறும்தான், ஆனாலும் அந்தப் புள்ளிகளை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும், மெழுகு முகத்தை முடியாது.

அதனால் கிட் லென்ஸோடு வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறேனே என்று நினைக்காதே. பழைய கேமரா பாடி எதுவானாலும் பரவாயில்லை, 55-250 மாதிரி ஒரு லென்ஸுக்குக் காசை ஒதுக்கு. அதுவும் முடியாவிட்டால் முன் வரிசையில் இடம் பிடி. தூரம் பாதியானால் பிக்சல் இரண்டு பக்கமும் இரட்டிப்பாகும். அன்றைக்குக் கோயிலில் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பத்தடி முன்னால் போயிருந்தால் 2400x3600 கிடைத்திருக்கும். 16x24க்கு இன்ச்சுக்கு 150 நின்றிருக்கும்.