சொந்தக்காரருக்குக் கொடுத்த கடன்: புரோநோட்டின் பின்பக்கத்தைப் பார்க்காததால் நான் இழந்த மூன்று லட்சம்

சொந்தத்துக்குள் கடன் கொடுத்து, புரோநோட்டும் எழுதி வாங்கி, அதைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னிடமும் நோட்டு இருந்தது. கையெழுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப், இரண்டு சாட்சிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் பணம் போய்விட்டது.

கடன் வாங்கியவர் என் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன் முறை, கூடப் பிறந்தவர் போலத்தான் வளர்ந்தோம். திண்டுக்கல் பக்கத்தில் ஹாலோ பிளாக் பட்டறை போடப் போவதாகவும் மிஷினுக்கு மூன்று லட்சம் குறைவதாகவும் சொன்னார். 2022 ஆகஸ்ட் 22, ஆவணி பிறந்த வாரம், என் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு அனுப்பினேன். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது மாதம் மூவாயிரம். கடையில் விற்கும் அச்சடித்த நோட்டுத் தாளில் எழுதினோம். "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது அசலும் வட்டியும் சேர்த்துச் செலுத்துகிறேன்" என்ற வழக்கமான வாசகம்தான் அதில் இருந்தது. எத்தனை மாதத்தில் திருப்பித் தருவார், தவறினால் என்ன என்று ஒரு வரி கூடக் கிடையாது. நான் கேட்டதற்கு, "நான் எங்கத்தா ஓடிப் போகப் போறேன், மிஷின் ஓட ஆரம்பிச்சதும் மொத்தமாத் தந்துர்றேன்" என்றார். அண்ணனிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வட்டி ஒழுங்காக வந்தது, அதை மறைக்க மாட்டேன். செப்டம்பர் 2022 முதல் ஜூன் 2024 வரை 22 மாதம், மொத்தம் 66,000 ரூபாய். பட்டறைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் நின்று, "சித்தி, இந்தாங்க" என்று அம்மா கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா அதைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், அந்தத் தேதிக் கட்டத்தில், பேனாவால் குறித்து வைப்பார். அந்தக் காலண்டர் தாள்களை எல்லாம் நான் கிழித்துப் பத்திரப்படுத்தினேன். அதுதான் எனக்கு ஆதாரம் என்று நினைத்திருந்தேன்.

2024 ஜூலையில் வட்டி நின்றது. கேட்டால், பில் பாஸாகவில்லை, மழை, சிமெண்ட் விலை என்று ஏதாவது வரும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. "தர்றேன்த்தா, கட்டாயம் தர்றேன்" என்று நாலைந்து. 2025 ஜூலையில் என் கணவர் நோட்டை மாற்றி எழுதி வாங்கச் சொன்னார். போய்க் கேட்டேன். பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருந்தீங்க, இப்போ எம் மவனை நம்பலையா?" என்று அழுதார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஆவணி முடியட்டும் பாப்பா, பெரிய பில் ஒண்ணு வருது" என்றார். திரும்பி வந்துவிட்டேன். அவர் ஏன் குறிப்பாக ஆவணி முடியட்டும் என்றார் என்பது பிறகுதான் புரிந்தது.

செப்டம்பர் 15 அன்று வக்கீலிடம் போனேன். எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான், நோட்டுக்கு மூன்று வருடம். அதையும் கடைசியாக வட்டி கட்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். ஜூன் 2024 வரை வட்டி வந்திருக்கிறது, ஆகவே 2027 வரை நேரம் இருக்கிறது என்பது என் கணக்கு.

வக்கீல் நோட்டை வாங்கிப் படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. "வரவு எதுவும் எழுதலையாம்மா?" என்று கேட்டார். நான் காலண்டர் தாள்களை எடுத்து நீட்டினேன். "இது உங்க அம்மா எழுத்து. உங்க அண்ணன் எழுதினது, அவர் கையெழுத்துப் போட்டது ஏதாவது இருக்கா?" இல்லை.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். "வேண்டும்போது தருகிறேன்" என்ற நோட்டுக்கு, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, நோட்டு எழுதிய தேதியிலிருந்தே மூன்று ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். நாம் பணத்தைக் கேட்ட தேதிக்கு அங்கே வேலையில்லை. என் நோட்டுக்கு அந்த மூன்று ஆண்டு 2025 ஆகஸ்ட் 22 அன்று முடிந்துவிட்டது. இடையில் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ கட்டினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. பணம் கட்டியதற்கான குறிப்பு, கட்டியவரின் கையெழுத்திலோ அவர் கையொப்பமிட்ட எழுத்திலோ இருக்க வேண்டும். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டவர் எழுதி வைத்த கணக்கு போதாது. கடன் இருப்பதைக் கடன்காரர் ஒப்புக்கொண்டாலும் புதிய மூன்று ஆண்டு கிடைக்கும், ஆனால் அந்த ஒப்புதலும் காலம் முடிவதற்கு முன்பே எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். "தர்றேன்த்தா" என்ற குரலில் கையொப்பம் ஏது?

பழைய வட்டிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் நோட்டின் பின்பக்கத்தில் "இன்ன தேதியில் வட்டிக்கு வரவு ரூபாய் இவ்வளவு" என்று கடன்காரர் கையாலேயே எழுத வைத்துக் கையெழுத்து வாங்கியது இதற்காகத்தான். 2024 ஜூனில் அப்படி ஒரே ஒரு வரி அண்ணன் எழுதியிருந்தால் போதும், 2027 ஜூன் வரை எனக்கு நேரம் இருந்திருக்கும். 24 நாள் தாமதத்தில் மூன்று லட்சம் போனது. எதிராளி காலாவதி என்று வாதாடாவிட்டால்கூட நீதிமன்றம் தானாகவே அதைப் பார்த்துத் தள்ளுபடி செய்தாக வேண்டுமாம்.

இன்னும் ஒரே ஒரு வழி இருந்தது. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று அவரே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி அது செல்லும். நோட்டீஸ் அனுப்பினோம். பதில் நோட்டீஸில் வந்தது இது: கடன் முழுவதும் சித்தி கையில் ரொக்கமாகத் தீர்க்கப்பட்டுவிட்டது, உறவு கருதி நோட்டைத் திரும்பக் கேட்கவில்லை, எப்படியும் நோட்டு காலாவதியாகிவிட்டது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அன்று முழுவதும் பேசவில்லை.

இனி, நோட்டுக்குப் பதிலாக நாங்கள் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது. வக்கீல் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே மூன்று லட்சம், அதே ஒரு ரூபாய் வட்டி, 24 தவணை. மாதம் அசல் 12,500, மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் வட்டி 3,000 சேர்த்து 15,500. இரண்டாம் மாதம் 2,87,500க்கு வட்டி 2,875, ஆக 15,375. இப்படியே குறைந்து கடைசித் தவணை 12,625. மொத்த வட்டி 37,500தான். 2024 ஆகஸ்டில் கடன் தீர்ந்திருக்கும். அண்ணனும் எனக்குக் கொடுத்த 66,000ஐவிடக் குறைவாகத்தான் வட்டி கட்டியிருப்பார். வட்டி மட்டும் வந்துகொண்டிருந்ததால் கடன் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

தவணை போட்டு எழுதினால் இன்னொரு நன்மை, ஒவ்வொரு தவணைக்கும் அதது கட்ட வேண்டிய தேதியிலிருந்துதான் மூன்று ஆண்டு எண்ணப்படும். ஆனால் "ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும்" என்று எழுதினால் கவனம் தேவை. அந்த வரி நம் கையில் பலம்தான். ஆனால் தவறிய நாளிலிருந்தே மொத்தக் கடனுக்கும் மூன்று ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். பாவம், போகட்டும் என்று சும்மா இருந்தால் நம் நேரம்தான் கரையும். முதல் தவறுதலிலேயே தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தவறினால் கூடுதல் வட்டி என்று பயமுறுத்தும் எண்ணைப் போடுவதிலும் பயனில்லை. 12 சதவீதக் கடனில் தவறினால் 75 சதவீதம் என்று எழுதினால் அது அபராதம், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு உதாரணமாகவே சொல்கிறது. தவறிய தொகைக்கு மட்டும், தவறிய நாள்களுக்கு, ஆண்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதல் என்பது போல எழுதச் சொன்னார். வரும் பணம் முதலில் வட்டிக்கா அசலுக்கா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். தவணைப் பத்திரத்துக்கு நோட்டுக்கு ஒட்டும் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் போதாது, எந்த மதிப்புக்கு முத்திரைத்தாள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முத்திரை குறைந்த புரோநோட்டை நீதிமன்றத்தில் அபராதம் கட்டியும் சரிசெய்ய முடியாது. பணம் போவதும் வருவதும் வங்கி வழியாகவே இருக்கட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம்.

சென்ற தை மாதம் சித்தப்பா மகள் தையல் மிஷின் வாங்க 60,000 கேட்டாள். எனக்கு மனசு வரவில்லை. அவளே, "அக்கா, நீங்க சொல்ற மாதிரி எழுதிக்குவோம்" என்றாள். மாதம் 5,000 அசல், பன்னிரண்டு தவணை, பத்தாம் தேதி. தவணைப் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் மாதம் அவளால் கட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்து, பட்டியலின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள்: "மூன்றாம் தவணை இந்த மாதம் கட்ட முடியவில்லை. நான்காம் தவணையுடன் சேர்த்துக் கட்டுகிறேன். பாக்கி அசல் 50,000." கீழே தேதியும் கையெழுத்தும். அம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.