ரெடிஸ் லீடர்போர்டு: வேகத்தில் குறையில்லை, சம மதிப்பெண்ணில்தான் எரிச்சல்

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக மதுரையில் வாராவாரம் இணைய வினாடி வினா நடத்துகிறோம். திருமங்கலத்து நண்பர் ஒருவர், தம் பயிற்சி மையத்தின் மதிப்பெண் பட்டியலுக்கும், நாங்கள் வைத்திருக்கும் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் ஒத்துவருமா என்று கேட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் பத்துப் பேரை எடுக்க ஒரே வரி போதும் (6.2 பதிப்பு முதல்):

```
ZRANGE quiz 0 9 REV WITHSCORES
```

பெயரையும் மதிப்பெண்ணையும் சேர்த்து வைக்கும் ரெடிஸின் சார்ட்டட் செட், ஒவ்வொரு மதிப்பெண்ணையும் வந்தவுடனே வரிசையில் வைத்துவிடுகிறது. கேட்கும்போது அடுக்க வேண்டியதில்லை. தேர்வு நடக்கும்போதே பட்டியல் நகர்வதைப் பார்ப்பது இன்றும் எனக்குச் சலிக்கவில்லை.

எரிச்சல் இனிமேல்தான். anbu, yazhini இருவரும் 85 என்று வையுங்கள். அன்பு 1240 விநாடியில் முடித்தார், யாழினி 1420 விநாடியில். பட்டியலில் யாழினிதான் மேலே நிற்பார். மதிப்பெண் சமமானால் ரெடிஸ் பெயரின் அகரவரிசையைப் பார்க்கிறது. REV அதையும் தலைகீழாக்குகிறது. யார் முந்தி முடித்தார் என்பது அதற்குத் தெரியாது. y-யில் பெயர் தொடங்கியதற்காக ஒருவருக்கு முதலிடமா? மேலூரிலிருந்து ஒரு தந்தை கேட்டபோது என்னிடம் நியாயமான பதில் இல்லை.

தீர்வு, நேரத்தையும் மதிப்பெண்ணுக்குள் வைப்பது. மதிப்பெண்ணை 10000-ஆல் பெருக்கி, 9999-இல் விநாடியைக் கழித்துக் கூட்டுகிறோம். அன்புவுக்கு 858759, யாழினிக்கு 858579. திரையில் காட்டும்போது 10000-ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்தால் 85. ஆளுக்கு 9999 என்று தொடங்கி, 5 மதிப்பெண் கேள்விக்குச் சரியான விடையை 12 விநாடியில் தந்தால் இப்படி:

```
ZINCRBY quiz 49988 anbu
```

தவறான விடைக்கு -12 மட்டும்.

விநாடிக்குப் பதில் 13 இலக்க மில்லிவிநாடி நேரமுத்திரையைச் சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ரெடிஸ் மதிப்பெண்ணை 64 பிட் மிதவை எண்ணாகவே வைக்கிறது. 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்ணும் அதில் துல்லியமாக நிற்காது. மதிப்பெண்ணை 10 லட்சம் கோடியால் பெருக்கினால், ஏறத்தாழ 900 மதிப்பெண்ணிலேயே அந்த எல்லை வந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அனுப்பிய எண்ணையும் `ZSCORE` தரும் எண்ணையும் ஒப்பிட்டால் கடைசி இலக்கம் மாறியிருப்பது தெரியும்.

இவ்வளவு செய்தும், ஒரே விநாடியில் முடித்த இருவரை மறுபடி பெயர்தான் பிரிக்கிறது. நண்பருக்கு என் பதில்: திரையில் ஓடும் பட்டியலுக்கு ரெடிஸைத் தயங்காமல் வையுங்கள், இதைவிட நல்லதை நான் பயன்படுத்தியதில்லை. பரிசுப் பட்டியலை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு விடையும் நேரத்தோடு பதிவாகியிருக்கும் தரவுத்தளத்திலிருந்தே நாங்கள் அதை எடுக்கிறோம், சமமானவர்களுக்கு ஒரே இடம் கொடுத்து.