பச்சை டிக்கை நம்பி 4,86,500 போனது: பணம் அனுப்பும் முன் வெண்டர் லிஸ்ட்டைப் பாருங்கள்

திங்கட்கிழமை மாலைதான் விஷயம் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கோர்வையாக எழுத வரவில்லை, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மூன்று இன்வாய்ஸ், இரண்டே வாரம், மொத்தம் 4,86,500. மூன்றுக்கும் ஒப்புதல் கொடுத்தது நான்.

எங்கள் கம்பெனியில் கணக்குப் பிரிவு என்றால் நானும் ஒரு உதவியாளரும்தான். வெண்டர் லிஸ்ட்டில் 1,140 பெயர்கள். போன வருடம் ஆன்லைனில் இயங்கும் ஒரு பேமென்ட் மென்பொருளுக்கு மாறினோம். பெயர் சொல்லவில்லை. வெண்டர்களைச் சேர்த்து, பில்லை ஏற்றி, ஒரே பட்டனில் பணம் அனுப்புகிற ரகம். விற்க வந்தவரிடம் நான் முதலில் கேட்டதே இதைத்தான்: ஒரே வங்கிக் கணக்கு இரண்டு பெயரில் இருந்தால் காட்டிக்கொடுக்குமா? திரையில் ஒரு வெண்டரைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக்கோடு Verified என்று இருந்ததைக் காட்டினார். "இது வந்துட்டா நீங்க திரும்பப் பார்க்கவே வேணாம் மேடம், டூப்ளிகேட் இருந்தா சிஸ்டமே நிறுத்திடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான், மாதம் ஒருமுறை நான் கையால் பார்த்து வந்த வேலையை விட்டேன்.

நடந்தது இதுதான். ஜெனரேட்டர் பராமரிப்பு செய்த பழைய வெண்டர் ஒருவர். அவருக்குக் கடைசியாகப் பணம் போய் 31 மாதம் ஆகிறது. லிஸ்ட்டில் மட்டும் பெயர் உயிரோடு இருந்தது. அவர் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு மெயில் வந்தது, வங்கி மாறிவிட்டது, புதுக் கணக்கு இது என்று. உதவியாளர் மாற்றினார். பச்சை டிக் வந்தது. பதினோராவது நாள் முதல் இன்வாய்ஸ், 1,62,000. அடுத்து 1,58,500. அடுத்து 1,66,000. எங்களிடம் இரண்டு லட்சத்துக்கு மேல் போனால்தான் முதலாளி கையெழுத்து வேண்டும். மூன்றுமே அதற்குக் கீழே. பில்லில் பராமரிப்புக் கட்டணம் என்று இருந்ததால் சரக்கு வந்ததற்கான சீட்டும் யாரும் கேட்கவில்லை.

நான்காவதாக ஒரு லாரி கான்ட்ராக்டர் பெயரில் 1,48,000க்கு பில் வந்தது. அந்த வெண்டரைச் சேர்த்தே இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அனுப்பும் முன் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கண்ணில் பட்டது: 7316. காலையில் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்தபோது இதே 7316ஐப் பார்த்த ஞாபகம். திறந்து பார்த்தால் ஜெனரேட்டர்காரருக்கும் அதே கணக்கு. ஒன்றில் முன்னால் இரண்டு பூஜ்யம் இருந்தது, இன்னொன்றில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சிஸ்டத்துக்கு அது இரண்டு வேறு எண். வங்கிக்கு ஒரே கணக்கு.

அதைவிட வயிறு எரிந்தது இன்னொன்றுக்கு. அதே ஜெனரேட்டர்காரர் லிஸ்ட்டில் இன்னொரு தடவையும் இருந்தார், பெயரில் ஒரு புள்ளி மட்டும் கூடுதலாக. அந்தப் பதிவில் பழைய வங்கிக் கணக்கும் பழைய போன் நம்பரும் அப்படியே இருந்தன. கூப்பிட்டேன். "நாங்க அந்தத் தொழிலை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சும்மா, பில்லெல்லாம் ஏதும் அனுப்பலியே" என்றார் பெரியவர். இந்த ஒரு போனை முதல் பில்லுக்கே செய்திருந்தால் 4,86,500 நின்றிருக்கும்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. மென்பொருள் கம்பெனியின் சப்போர்ட்டில் முதல் ஆள், "ரெண்டும் வேற வேற நம்பர் மேடம், எங்க சிஸ்டம்படி டூப்ளிகேட் இல்ல" என்றார். இரண்டாவது ஆள் சொன்னதுதான் தாங்கவில்லை. Verified என்றால் அந்தக் கணக்கு இயங்குகிறது என்று மட்டும்தான் அர்த்தமாம். யாருடைய கணக்கு என்று அவர்கள் பார்ப்பதே இல்லையாம். இதை விற்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், விற்பனைப் பிரிவு வேறு, அவர்களிடம் கேளுங்கள் என்கிறார்கள். விற்றவர் போனை எடுப்பதில்லை. நேற்று புகாரை Resolved என்று மூடியே விட்டார்கள். வங்கியிலும் கணக்கு எண் சரியாக இருந்தால் பணம் போய்விடும், பெயரைப் பார்ப்பதில்லை என்றார்கள். அந்தப் பக்கம் பணத்தை எடுத்தாகிவிட்டதாம். போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம்.

செவ்வாய் இரவு முழு லிஸ்ட்டையும் எக்செலில் இறக்கி நானே பார்த்தேன். இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். கணக்கு எண் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட்டாகவே இறக்குங்கள். எண்ணாக இறக்கினால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் மிச்சமுள்ள இலக்கங்களை எக்செல் பூஜ்யமாக்கிவிடும். பிறகு இடைவெளி, கோடு எல்லாம் நீக்கி, கடைசி எட்டு இலக்கத்தை மட்டும் பக்கத்துப் பத்தியில் எடுங்கள். கணக்கு எண் D பத்தியில் இருந்தால்:

```
E2:  =RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(D2," ",""),"-",""),8)
F2:  =COUNTIF(E:E,E2)
```

முழு எண்ணையும் COUNTIFல் போடாதீர்கள். அது டெக்ஸ்ட்டையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்தாலே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும். எட்டு இலக்கம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, முன்னால் எத்தனை பூஜ்யம் இருந்தாலும் கவலை இல்லை. கணக்கு எண்ணே இல்லாத வரிகளை முதலில் ஒதுக்கிவிட்டு, Fல் 1க்கு மேல் வருவதை வடிகட்டுங்கள். எட்டு இலக்கம் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம், அதனால் வங்கியும் கிளையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

எனக்கு 14 ஜோடி வந்தது. 11 நியாயமானவை: ஒரே முதலாளிக்கு இரண்டு கம்பெனி, தாய்க் கம்பெனியின் கணக்கிலேயே பணம் வாங்கும் கிளைகள் என்று. இரண்டு, ஒரே வெண்டரை இரண்டு தடவை ஏற்றியது. மிச்சம் ஒன்றுதான் இது. ஆனால் என் ஜெனரேட்டர்காரரின் இரட்டைப் பதிவு இதில் சிக்கவில்லை. ஒரே வெண்டர் இரண்டு வேறு கணக்கோடு இருந்தால் கணக்கு எண்ணை வைத்துப் பிடிக்க முடியாது. அதற்கு வரி எண்ணையும் போன் நம்பரையும் இதே போல ஒத்துப் பார்க்க வேண்டும். அப்படித்தான் இன்னும் ஆறு இரட்டைப் பதிவுகள் கிடைத்தன. இந்த வேலைக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. மூன்றே மணி நேரம்! அதற்குப் போனது 4,86,500.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை, வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சில மட்டும். ஒரு வருடம் பணம் போகாத வெண்டரை முடக்கி வையுங்கள். அழிக்காதீர்கள், பழைய போன் நம்பர் அதில்தான் இருக்கும். வங்கி மாறியதாக மெயில் வந்தால் அந்த மெயிலிலோ புது பில்லிலோ இருக்கும் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், பழைய நம்பருக்கே கூப்பிடுங்கள். கணக்கை மாற்றிய தேதிக்கும் முதல் பில்லுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள். லிஸ்ட்டில் மாற்றுகிறவரும் பணம் அனுப்புகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

அந்த மென்பொருளில் ஜெனரேட்டர்காரர் பெயருக்குப் பக்கத்தில் இன்று காலையிலும் அந்தப் பச்சை டிக் அப்படியே இருக்கிறது.